ஒரு குளியலா, ஒரு மாதமா: தலைச்சாயம் முடியில் எங்கே தங்குகிறது?

தலைக்குச் சாயம் பூசுவதைப் பற்றிப் பேசும்போது, நம்மில் பெரும்பாலோர் “டை அடிப்பது” என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறோம். திருமணத்துக்குப் புறப்படும் அவசரத்தில் கிருதாவில் தடவும் கறுப்புக் குச்சியும், கல்லூரி மாணவி முடி நுனியில் ஏற்றிக்கொள்ளும் நீலமும், மாதந்தோறும் நரையை மறைக்கக் கிண்ணத்தில் கலக்கும் பசையும் நமக்கு “டை”தான். ஆனால் இவை முடிக்குச் செய்யும் வேலை வெவ்வேறு. இந்தக் குழப்பத்தோடு, அம்மோனியா இல்லாவிட்டால் சாயம் மென்மையானது, நீரில் குழைக்கும் பொடி என்றால் அது மூலிகை, நிரந்தரச் சாயம் என்றால் ஒருமுறை பூசினால் போதும் என்பன போன்ற நம்பிக்கைகளும் கலந்துவிட்டன.

சாயங்களைத் தற்காலிகம், செமி-பெர்மனென்ட், டெமி-பெர்மனென்ட், நிரந்தரம் என நான்கு வகைகளாகப் பிரிப்பது வழக்கம். இந்தப் பிரிவினைக்கு அடிப்படை, சாயம் எவ்வளவு “ஸ்ட்ராங்” என்பதல்ல. நிறம் முடியின் எந்த இடத்தில் தங்குகிறது என்பதுதான். அந்த இடத்தைப் புரிந்துகொள்ள முடியின் அமைப்பை முதலில் பார்த்துவிடலாம்.

## ஓடு வேய்ந்த ஒரு கயிறு

நல்ல தேங்காய்நார்க் கயிறு ஒன்றை எடுத்து, அதன் மேல் நெடுகிலும் மிகச் சிறிய ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வேய்ந்ததாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு தலைமுடி ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. வெளியே ஓடுகளைப் போல அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் செதில்களின் பகுதியை மேலுறை என்போம். செதில்களின் விளிம்புகள் வேரிலிருந்து நுனியை நோக்கிச் சாய்ந்திருக்கும். நுனியிலிருந்து வேருக்கு விரலை உருவினால் சற்றுச் சொரசொரப்பாகத் தெரிவது அதனால்தான். உள்ளே கயிற்றின் புரிகளைப் போல் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆன தடித்த பகுதி இருக்கிறது. அதை உள்தண்டு என்போம். முடிக்கு வலுவைத் தருவது இதுவே. கறுப்பு நிறத்தைத் தரும் மெலனின் என்னும் நிறமித் துகள்களும் இதற்குள்தான் இருக்கின்றன. நரை என்பது அந்த மெலனின் இல்லாமல் வளர்ந்த முடி.

வெளியே வந்துவிட்ட முடிக்கு உயிர் இல்லை. அதனால் அதற்குள் போய்ச் சேரும் எதையும் அது தானாக வெளியேற்றப் போவதும் இல்லை, தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளப் போவதும் இல்லை. சாயம் போவதென்றால் தண்ணீரும் ஷாம்புவும் வெயிலும்தான் அதைப் போக்க வேண்டும். ஆகவே சாயத்தின் ஆயுளை நாள்கணக்கில் சொல்வதைவிட, எத்தனை முறை தலைக்குக் குளிக்கிறோம் என்ற கணக்கில் சொல்வதே சரி.

சுருக்கமாக, நிறம் செதில்களுக்கு வெளியே நிற்கிறதா, செதில்களுக்கு இடையில் நுழைகிறதா, உள்தண்டுக்குள் போய்த் தங்குகிறதா என்பதைப் பொறுத்து அதன் ஆயுள் மாறுகிறது.

## தற்காலிகச் சாயம்: வாசலில் போட்ட கோலம்

வாசலில் போட்ட மாக்கோலம் தரையின் மேல் இருக்கிறதே தவிரத் தரைக்குள் போவதில்லை. ஒரு வாளித் தண்ணீருக்கு அது தாங்காது. தற்காலிகச் சாயமும் அப்படித்தான். இதில் உள்ள நிறப்பொருள்களின் மூலக்கூறுகள், அதாவது அப்பொருளின் மிகச் சிறிய அலகுகள், செதில் இடுக்குகளில் நுழைய முடியாத அளவுக்குப் பெரியவை. குச்சியாகவும் பொடியாகவும் தெளிப்பானாகவும் விற்பவற்றில் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு, கரிக்கறுப்பு போன்ற நிறமித் தூள்களே இருக்கும். அவை மெழுகின் உதவியாலோ, ஒட்டும் படலத்தின் உதவியாலோ முடியின் மேல் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

ஒருமுறை ஷாம்பு போட்டால் இது போய்விடும். வியர்வைக்கும் மழைக்கும்கூட நிற்காது. காலர் கறுப்பாவதும் தலையணை உறை கறை படிவதும் இதனால்தான். ஏற்கனவே ப்ளீச் செய்து வெளுக்கவைத்த முடியில் மட்டும் எச்சரிக்கை தேவை. அதில் செதில்கள் சிதைந்து இடுக்குகள் அகன்றிருப்பதால், ஒரு குளியலில் போக வேண்டிய நிறம் பல குளியல்களுக்குக் கறையாக நின்றுவிடுவதுண்டு.

## செமி-பெர்மனென்ட்: மஞ்சளில் தோய்த்த வேட்டி

மஞ்சள் நீரில் தோய்த்த வேட்டியை முதல்முறை அலசும்போது வாளித் தண்ணீர் மஞ்சளாகிறது. இரண்டாம் முறை கொஞ்சம் குறைகிறது. ஆறேழு சலவைக்குப் பிறகு வேட்டியில் மங்கிய சாயல் மட்டும் மிஞ்சுகிறது. செமி-பெர்மனென்ட் சாயம் இதே வழியில்தான் வருகிறது, போகிறது.

இதன் நிறமூலக்கூறுகள் சிறியவை. அவை குழாயிலிருந்து வரும்போதே முழு நிறத்தோடு இருக்கின்றன. எதனோடும் வினைபுரிந்து நிறம் பெற வேண்டிய அவசியம் இல்லை. எனவே எதையும் கலக்காமல் அப்படியே பூசி, இருபது நிமிடம் அல்லது அரைமணி நேரம் வைத்திருந்து அலசுவதே இதன் முறை. அந்த நேரத்துக்குள் மூலக்கூறுகள் செதில்களுக்கு இடையிலும் உள்தண்டின் ஓரத்திலும் கசிந்து இறங்குகின்றன. ஆனால் எந்த வழியாக உள்ளே போனதோ அந்த வழி திறந்தே இருக்கிறது. ஒவ்வொரு முறை முடி நனையும்போதும் அது சற்று ஊதிப் பருக்கிறது, உள்ளே இருந்த நிறத்தில் ஒரு பங்கு வெளியேறுகிறது. வழக்கமாக ஆறு முதல் எட்டுக் குளியல்கள், சில நிறங்களில் பன்னிரண்டு வரை தாங்கும்.

இந்தச் சாயத்தால் முடியின் இயற்கை நிறத்தை வெளுக்கவைக்க முடியாது. இருக்கும் நிறத்தின் மேல் இன்னொன்றைச் சேர்க்க மட்டுமே முடியும். கறுப்புத் துணியை மஞ்சளில் தோய்த்தால் என்ன தெரியும்? அதேபோல் நம் கறுப்பு முடியில் நீலத்தையோ ரோஜா நிறத்தையோ பூசினால், வெயிலில் ஒரு மினுக்கு தெரிந்தால் அதிகம். தெருவில் நாம் பார்க்கும் பளிச்சென்ற நீல முடிக்குப் பின்னால் முதலில் ஒரு ப்ளீச்சும் அதன்பின் இந்த வகைச் சாயமும் இருக்கின்றன. முடியைக் கெடுப்பது அங்கே நீலச் சாயம் அல்ல, ப்ளீச்.

இதுவரை பார்த்த இரண்டு வகைகளுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் நிறம் வெளியிலேயே தயாராகி வருகிறது. இனி வரும் இரண்டில் நிறம் முடிக்குள்தான் பிறக்கிறது.

## நிரந்தரச் சாயம்: அறைக்குள் பூட்டிய கட்டில்

வரிசைப்படி டெமி-பெர்மனென்ட்தான் அடுத்து வர வேண்டும். ஆனால் நிரந்தரச் சாயத்தை முதலில் புரிந்துகொண்டால் அது தானாக விளங்கிவிடும் என்பதால் வரிசையை மாற்றுகிறேன்.

குறுகிய வாசல் உள்ள அறைக்குள் பெரிய கட்டிலைப் போட வேண்டுமானால் என்ன செய்கிறோம்? கால்களையும் சட்டங்களையும் பலகைகளையும் தனித்தனியே உள்ளே கொண்டுபோய், அங்கே வைத்துப் பூட்டுகிறோம். பூட்டியபின் அந்தக் கட்டில் வாசல் வழியே வெளியே வராது. நிரந்தரச் சாயம் செய்வது இதைத்தான்.

குழாயில் உள்ள பசையில் நிறம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. நிறத்தின் பாகங்கள்தான் இருக்கின்றன. அவற்றில் முதலாவது, அடிப்பொருள். பிபிடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் பாரா-ஃபீனைலீன்டையமீன் இவற்றில் மிகப் பழையது, இன்றும் பரவலாகப் பயன்படுவது. இரண்டாவது, இணைப்பான், ரிசார்சினால் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அடிப்பொருளோடு எந்த இணைப்பான் சேர்கிறது என்பதைப் பொறுத்துப் பழுப்போ, நீலச்சாயலோ, செம்மையோ கிடைக்கிறது. இவை இரண்டும் செதில் இடுக்குகளில் எளிதில் நுழையும் அளவுக்குச் சிறியவை.

வாசலைத் திறப்பது அம்மோனியாவின் வேலை. அது காரத்தன்மை உள்ளது. காரம் பட்டதும் முடி ஊதி, செதில்கள் தூக்கிக்கொள்கின்றன. பூட்டும் வேலை டெவலப்பருடையது. டெவலப்பர் என்பது ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த நீர்மம். சலூன்களில் இதை வால்யூம் கணக்கில் சொல்வார்கள். 20 வால்யூம் என்றால் அந்த நீர்மம் ஒரு லிட்டர் சிதைந்தால் 20 லிட்டர் ஆக்சிஜனை வெளியிடும் என்று பொருள். பெராக்சைடின் அளவு அதில் 6 சதவீதம். 10 வால்யூம் என்பது 3 சதவீதம், 30 என்பது 9, 40 என்பது 12. பசையும் டெவலப்பரும் கலந்தவுடன் பெராக்சைடு அடிப்பொருளை ஆக்சிஜனேற்றம் செய்கிறது. அது இணைப்பானைப் பற்றிக்கொள்கிறது. பற்றிக்கொண்ட கூட்டு மறுபடியும் ஆக்சிஜனேற்றம் அடைந்து நிறமாகிறது. உள்தண்டுக்குள் உருவான அந்த மூலக்கூறு பெரியது. நுழைந்த இடுக்கு வழியாக அதனால் எளிதில் திரும்ப முடிவதில்லை.

இதே நேரத்தில் பெராக்சைடு இன்னொன்றையும் செய்கிறது: முடியில் ஏற்கனவே உள்ள மெலனினையும் ஓரளவு வெளுக்கவைக்கிறது. கறுப்பு முடியைப் பழுப்பாக்க முடிவது இதனால்தான். பின்னாளில் நிறம் மங்கும்போது முடி பழைய கறுப்புக்குத் திரும்பாமல் செம்பட்டையாகத் தெரிவதற்கும் இதுவே காரணம். சாயம் போன இடத்தில் வெளிப்படுவது நம்முடைய பழைய முடி அல்ல, வெளுத்துப்போன முடி.

இந்த வினைகள் முடிய நேரம் வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும் முப்பது அல்லது நாற்பது நிமிடம் என்பது அதற்கான கணக்கு. பத்து நிமிடத்தில் கறுத்துவிட்டதே என்று அலசிவிட்டால், பசை கறுத்திருக்கும், முடிக்குள் கட்டில் பாதிதான் பூட்டப்பட்டிருக்கும். அந்த நிறம் சில வாரத்திலேயே வடிந்துவிடும். கலந்து மிச்சமான பசையை அடுத்த மாதத்துக்கு எடுத்துவைப்பதும் இதே காரணத்தால் வீண். கட்டில் கிண்ணத்துக்குள்ளேயே பூட்டிக்கொண்டுவிடும். பெரிதாகிவிட்ட அந்த நிறத்தால் முடிக்குள் நுழைய முடியாது. மூடிய புட்டியில் வைத்தால் உள்ளே ஆக்சிஜன் சேர்ந்து அழுத்தம் கூடிப் புட்டியே வெடிக்கலாம்.

இந்த முறை புதியதல்ல. பிரான்சில் வேதியியலாளர் யூஜீன் ஷூலேர் 1907-இல் தயாரித்து விற்ற செயற்கைச் சாயத்திலிருந்து வளர்ந்த நிறுவனம்தான் இன்றைய லோரியால். அடிப்படை வேதியியல் அதற்குப் பிறகு வியப்பூட்டும் அளவுக்கு மாறாமல் இருக்கிறது.

சுருக்கமாக, நிரந்தரச் சாயத்துக்கு மூன்று வேண்டும்: சிறிய பாகங்கள், வாசலைத் திறக்கும் காரம், உள்ளே பூட்டும் பெராக்சைடு.

## டெமி-பெர்மனென்ட்: அதே கட்டில், பாதி திறந்த வாசல்

பெயரில் ஓரெழுத்து வேறுபாடுதான் என்பதால் டெமியும் செமியும் ஒன்றே எனப் பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் டெமி, செமிக்கு உறவல்ல, நிரந்தரச் சாயத்தின் தம்பி. இதிலும் பிபிடி போன்ற அடிப்பொருளும் இணைப்பானும் டெவலப்பரும் உண்டு. நிறம் முடிக்குள்தான் உருவாகிறது. ஆனால் டெவலப்பரில் பெராக்சைடு பொதுவாக 1.5 முதல் 3 சதவீதம் வரைதான். அம்மோனியாவுக்குப் பதில் குறைந்த அளவில் மோனோஎத்தனாலமைன் போன்ற மிதமான காரம் இருக்கும். வாசல் முழுதாகத் திறக்காததால் பாகங்கள் ஆழமாகப் போவதில்லை. மெலனினும் பெரும்பாலும் தொடப்படாமல் இருக்கிறது. ஆகவே இதனால் முடியை வெளுக்கவைக்க முடியாது. தன் நிறத்துக்கு ஒத்ததாகவோ அதைவிட அடர்த்தியாகவோதான் பூச முடியும். ஏறத்தாழ இருபது முதல் இருபத்தெட்டுக் குளியல்கள் வரை இந்த நிறம் நின்று, சிறிது சிறிதாக மங்கும்.

## ஒரே தலை, நான்கு சாயம்

நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இயற்கையில் கறுத்த முடி. நெற்றியோரத்திலும் வகிட்டிலும் மூன்றில் ஒரு பங்கு நரை. வாரம் இருமுறை தலைக்குக் குளிப்பவர். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்வோம்.

தற்காலிகக் குச்சியைத் தடவினால் அன்றைய விழாவுக்கு நரை மறையும். இரவு தலைக்குக் குளித்தால் போய்விடும். செமி-பெர்மனென்ட் பூசினால் நரை முழுக் கறுப்பாகாமல் மங்கலான பழுப்பாகிச் சுற்றியுள்ள கறுப்போடு கலந்து நிற்கும். எட்டுக் குளியல், அதாவது நான்கு வாரத்தில், பெரும்பாலும் போய்விடும். டெமி பூசினால் நரை நன்றாகவே மங்கும். இருபத்துநான்கு குளியல் என்று கொண்டால் பன்னிரண்டு வாரம் ஆகிறது. அதற்குள் வேரிலிருந்து மூன்று சென்டிமீட்டர் புதுமுடி வளர்ந்திருக்கும். ஆனால் பழைய பகுதியின் நிறமும் படிப்படியாக மங்கி வந்திருப்பதால், புதியதற்கும் பழையதற்கும் இடையே கோடு கிழித்தாற்போல் தெரியாது.

நிரந்தரச் சாயத்தில் நரை முழுவதும் மறையும். பூசிய முடி வெட்டப்படும்வரை அந்த நிறத்தின் பெரும்பகுதி அதில் இருக்கும். ஆனால் நான்காம் வாரம் கண்ணாடியைப் பார்த்தால் வகிட்டில் ஒரு சென்டிமீட்டர் வெள்ளைக்கோடு பளிச்சென்று நிற்கும். நிரந்தரம் என்பது பூசிய முடிக்குத்தான், தலைக்கு அல்ல; இதைச் சாயம் “நிற்கவில்லை” என்று எண்ணிக் கடையை மாற்றுபவர்கள் உண்டு. எனவே நான்கு வகைகளிலும் மிக நீண்ட ஆயுள் உள்ள சாயத்துக்குத்தான் மாதந்தோறும் திரும்பத் திரும்பப் பூச வேண்டிய கட்டாயமும் அதிகம். இது முரணாகத் தோன்றினாலும் கணக்கு அப்படித்தான் வருகிறது.

அப்படித் திரும்பப் பூசும்போது செய்யப்படும் வழக்கமான தவறு, ஒவ்வொரு முறையும் வேரிலிருந்து நுனிவரை பூசுவது. நுனியில் ஏற்கனவே கட்டில்கள் நிறைந்திருக்கின்றன. அதன்மேல் இன்னும் பூசினால் நுனி மைபோல அடர்ந்து, ஒவ்வொரு முறையும் காரமும் பெராக்சைடும் பட்டு வறண்டு பிளக்கும். புதிதாக வளர்ந்த வேர்ப்பகுதிக்கு மட்டும் பூசினால் போதும்.

## பெட்டியைப் பார்த்து வகையை அறிவது

பெட்டிக்குள் இரண்டு பொருள்கள் இருந்து அவற்றைக் கலக்கச் சொன்னால், அது டெமி அல்லது நிரந்தரம். ஒரே குழாய், கலப்பு ஏதுமில்லை என்றால் செமி. இந்த விதிக்கு நம் ஊரில் ஒரு பெரிய விலக்கு உண்டு: தண்ணீரில் குழைக்கும் கறுப்புப் பொடிகள். இவற்றில் பலவற்றில் பிபிடியோடு, நீர் பட்டதும் பெராக்சைடைத் தரும் சோடியம் பெர்போரேட் அல்லது பேரியம் பெராக்சைடு போன்ற உப்பும் தூளாகவே கலந்திருக்கும். டெவலப்பர் புட்டி கண்ணில் படாவிட்டாலும் அது நிரந்தரச் சாயம்தான். உறையில் “ஹென்னா” என்று கொட்டை எழுத்தில் இருந்தாலும் இது மாறாது. மருதாணி இலையில் உள்ள லாசோன் தரும் நிறம் ஆரஞ்சு கலந்த சிவப்பு. தனியாக அதனால் முடியைக் கறுப்பாக்க முடியாது. மருதாணிக்குப் பின் அவுரிப் பொடியைப் பூசிக் கறுப்பாக்கும் வழக்கம் உண்டு, ஆனால் அதற்கு மணிக்கணக்கில் பொறுமை வேண்டும். அரைமணியில் கரிக்கறுப்பாக்கும் “ஹென்னா” என்றால் பொருள்பட்டியலில் பிபிடியைத் தேடிப் பாருங்கள். (மருதாணி இந்த நான்கு வகைகளில் எதிலும் சரியாகப் பொருந்துவதில்லை. லாசோன் வெளியிலேயே நிறத்தோடு வருகிறது, ஆனால் கெரட்டினோடு வேதிப்பிணைப்பு கொண்டுவிடுவதால் மாதக்கணக்கில் போகாது.)

“அம்மோனியா இல்லாதது” என்ற அறிவிப்பும் வகையைச் சொல்வதில்லை. அம்மோனியாவுக்குப் பதில் மோனோஎத்தனாலமைனைக் கூடுதலாகச் சேர்த்த நிரந்தரச் சாயங்கள் பல உள்ளன. அது ஆவியாகாததால் மூக்கைத் துளைக்கும் நெடி இருக்காது, அவ்வளவுதான். வாசல் திறக்கத்தான் செய்கிறது. ஒவ்வாமைக்கும் அம்மோனியாவுக்கும் முடிச்சுப்போடுவதும் தவறு. கண் எரிச்சலை அம்மோனியா தரும். ஆனால் நெற்றியோரம் தடித்து, காது மடல் கசிந்து, கண்ணிமை வீங்கும் ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணம் பிபிடி. அது பத்து ஆண்டு ஒழுங்காகப் பூசிவந்தவருக்கும் பதினொன்றாம் ஆண்டில் திடீரென்று தொடங்கலாம். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு ஒவ்வொரு முறையும் வரும், பெரும்பாலும் முன்னதைவிடக் கடுமையாக. காதுக்குப் பின்னால் அல்லது முழங்கை மடிப்பில் சிறிதளவு தடவி 48 மணிநேரம் பார்க்கச் சொல்வது, இந்த ஒவ்வாமை உடனே தெரியாமல் ஓரிரு நாள் கழித்தே வெளிப்படும் என்பதால்தான். காலையில் தடவி மாலையில் ஒன்றும் இல்லை என்று பூசிக்கொண்டவர், மறுநாளோ அதற்கடுத்த நாளோ கண்ணிமை வீங்கி எழுந்திருக்கக்கூடும்.